தடைக்காலத்தில் பூட்டிய வீடு: ஒரு திருட்டு இழப்பீட்டுக் கோப்பின் ஆய்வு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பள்ளி விடுமுறையும் அதோடு சேர்ந்து வருவதால், மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கத்துப் படகுக் குடும்பங்கள் வெளியூர் போய்வருவது பெரும்பாலும் இந்த 61 நாட்களில்தான். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதைத் தெருவில் நடந்துபோகும் எவரும் தெரிந்துகொள்ளலாம். வருமானம் நின்றுபோய், நகைகள் அடகுக்குப் போகும் காலமும் இதுவே. திருட்டு இழப்பீடு கேட்டு வரும் கோப்பை, காப்பீட்டு நிறுவனத்துக்காக இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை இந்த இரண்டாவது விஷயம்தான் தீர்மானிக்கிறது.

இழப்பீட்டுக் கோப்புகளைத் தயாரிக்க உதவுவது என் வேலை. இங்கே எழுதுவது 2025 மே மாதம் மண்டபம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த திருட்டைப் பற்றி. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு விசைப்படகின் உரிமையாளர். மனைவி, மகள், மகனோடு வியாழக்கிழமை விடிகாலையில் பழனி, கொடைக்கானல் என்று கிளம்பி, செவ்வாய் இரவு திரும்பினார். பின்கட்டுக் கதவின் நாதாங்கி பிய்ந்து தொங்கியது. பீரோ திறந்து கிடந்தது.

முதலில் பாலிசி. வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி ஒன்று அவரிடம் இருந்தது. அது 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிரஹ ரக்ஷா'. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு நல்ல பாலிசி. ஆனால் அதில் திருட்டு என்பது, அப்படி ஒரு சேதம் நடந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் பொருள் திருடுபோனால் மட்டும்தான். சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் அதில் ஒரு ரூபாய்கூட வராது. நல்ல வேளையாக, 2023-இல் தனியாக ஒரு ஹவுஸ்ஹோல்டர் பாலிசியும் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருந்தார். அதில் வீட்டுப் பொருட்களுக்கு 4,00,000 ரூபாய், நகைகளுக்கு 6,60,000 ரூபாய் என்று திருட்டுக் காப்பு இருந்தது. தொடர்ந்து ஏழு பகல் இரவுக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்தின் சம்மதம் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. அவர்கள் வெளியே இருந்தது ஐந்து இரவு. கொடைக்கானலிலிருந்து அப்படியே கோயம்புத்தூர் உறவினர் வீட்டுக்குப் போகும் யோசனை இருந்ததாம். போயிருந்தால் இந்த ஆய்வே வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நாதாங்கியும் துருவும்

இந்த வகைப் பாலிசிகளில் திருட்டு என்றால், பலவந்தமாக உள்ளே நுழைந்து அல்லது பலவந்தமாக வெளியேறி நடந்த திருட்டு. பொருள் காணாமல் போனது மட்டும் போதாது. 2004-இல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது: பாலிசியின் வாசகம் பலவந்த நுழைவைக் கேட்டால், அது நடந்திருக்க வேண்டும். திறந்து கிடந்த கதவு வழியாகவோ சாவி போட்டோ நுழைந்து எடுத்தது அந்த வாசகத்துக்குள் வராது.

நம் கடற்கரையில் இது ஒரு தனிச் சிக்கலாகிறது. உப்புக் காற்றில் இரும்பு நாதாங்கி சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். துருப்பிடித்த நாதாங்கி கையால் இழுத்தாலே வந்துவிடும், உடைத்ததற்கு என்ன அடையாளம் என்று சர்வேயர் கேட்கலாம். இங்கேயும் கேட்டார்.

பதில் உடைந்த இடத்திலேயே இருந்தது. துருவால் தானாக இற்றுப்போன உலோகத்தில் முறிவின் முகம் முழுவதும் பழுப்பாக இருக்கும். நெம்பி முறித்த இடத்தில், துருவின் நடுவே எஞ்சியிருந்த நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும். அந்தப் பளபளப்பு இந்தக் காற்றில் ஓரிரு நாளில் மங்கிவிடும் என்பதால் அன்றிரவே படம் எடுப்பது முக்கியம். இந்த நாதாங்கியில் பாதி பழுப்பு, பாதி வெள்ளை. கூடவே நிலைக்கட்டையில் விரல் அகலத்துக்குக் கடப்பாரை அழுந்திய பள்ளம், அதன் ஓரத்தில் பெயர்ந்த பெயிண்ட், மரத்திலிருந்து வெளியே வந்த திருகாணிகள். வீட்டுக்காரர் உள்ளே போய் எதையும் ஒதுங்க வைக்காமல் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். காத்திருந்த நேரத்தில் மகன் போனில் இதையெல்லாம் நெருக்கமாகப் படம் எடுத்தான். மறுநாள் கைரேகை நிபுணர்கள் வந்தார்கள். காவல் ஆய்வாளர் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் நெம்பிய தடம் பதிவானது. மகஜரில் அந்த ஒரு வரி இருந்ததால் பலவந்த நுழைவு பற்றிய கேள்வி அங்கேயே முடிந்தது. அந்த வரி விடுபட்டிருந்தால் வீட்டுக்காரரின் படங்களை மட்டும் வைத்து வாதாட வேண்டியிருந்திருக்கும்.

'சுமார் 10 பவுன்'

அன்றிரவு கொடுத்த புகாரில் 'சுமார் 10 பவுன் நகை, டிவி, லேப்டாப், பித்தளைச் சாமான்கள், ரொக்கம் 40,000' என்று எழுதியிருந்தார்கள். முதலில் மனு ரசீதுதான் கிடைத்தது, மறுநாள் எஃப்.ஐ.ஆர் பதிவானது. இரவில் வீடு புகுந்தது, குடியிருக்கும் வீட்டில் திருடியது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 331(4), 305 பிரிவுகள் போடப்பட்டன. இழப்பீட்டுக்கு மனு ரசீது போதாது, எஃப்.ஐ.ஆர் வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

மூன்றாம் நாள் பீரோவை நிதானமாகச் சரிபார்த்தபோது, மகளின் ஜிமிக்கி, தோடு வைத்திருந்த சின்ன டப்பாவும் இல்லை என்று தெரிந்தது. ஒரு பவுன், அதாவது 8 கிராம். ஒரு மோதிரமும் காணோம். எஃப்.ஐ.ஆரில் 10 பவுன், இழப்பீட்டுப் பட்டியலில் 11 பவுனுக்கு மேல் என்று வந்தால், பின்னால் கூட்டிச் சேர்த்தார்கள் என்ற சந்தேகம் நிச்சயம் எழும். இதற்கு வழி உண்டு. தெரிந்த அன்றே ஆய்வாளரிடம் போய், எப்படி விடுபட்டது, எப்போது தெரிந்தது என்று சொல்லிக் கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்தார்கள். அதன் நகல் கோப்பில் சேர்ந்தது. முதல் புகாரிலேயே 'வீட்டைச் சரிபார்த்து முழுப் பட்டியலைத் தனியே தருகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சுற்று இன்னும் எளிது. அந்த இரவின் பதற்றத்தில் யாரும் ஒரு பவுன் பிசகாமல் கணக்குச் சொல்ல முடியாது, சொல்லும்படி எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நிறுவனத்துக்கு மறுநாள் காலையிலேயே போனில் சொல்லி, மின்னஞ்சலும் அனுப்பியாயிற்று. தகவல் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான இழப்பை மறுக்கக் கூடாது என்று வாகனத் திருட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வாதத்துக்கு இடமே வைக்காமல் இருப்பது நல்லது.

பொருள் உங்களுடையதா, அன்று வீட்டில் இருந்ததா

பட்டியல் போட உட்கார்ந்தபோது, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். அப்படி ஒரு பொருள் இருந்ததா? அது இந்தக் குடும்பத்துடையதா? திருட்டு நடந்த வாரத்தில் அது இந்த வீட்டில் இருந்ததா? எல்லோரும் பில்லைத் தேடி ஓடுகிறார்கள். பில் முதல் இரண்டுக்கும் பதில் சொல்லும். மூன்றாவதுக்குப் பில்லிடம் பதில் இல்லை. 2022-இல் வாங்கிய வளையல் 2025-இல் லாக்கரில் இருக்கலாம், அடகில் இருக்கலாம், விற்றும் போயிருக்கலாம். பல கோப்புகள் தடுமாறுவது இந்த மூன்றாவது கேள்வியில்தான்.

ஆரத்தை எடுத்துக்கொள்வோம். 2006-இல் கல்யாணத்துக்கு வாங்கியது. பில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் ஆரம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் படத்தில் எடை தெரியாது. வீட்டுக்காரரின் மனைவி தயங்கித் தயங்கி, "அண்ணே, போன வருஷம் வலை வாங்க இதைக் கூட்டுறவு வங்கியில வச்சிருந்தோம். அதைச் சொன்னா தப்பா நெனப்பாங்களா?" என்று கேட்டார். அடகு வைத்ததை மறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர். கோப்பில் இருந்ததிலேயே பலமான சான்று அதுதான் என்று அவரிடம் சொன்னேன். நகைக் கடன் சீட்டில் வங்கியின் மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எழுதிய விவரம் இருந்தது: கல் வைத்த ஆரம் ஒன்று, மொத்த எடை 42.6 கிராம், கல் போக நிகர எடை 40 கிராம், 22 காரட். குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத, தொழில் தெரிந்த ஒருவர் திருட்டுக்கு முன்பே எடை போட்டு எழுதிய ஆவணம் அது. அதைவிட முக்கியம், 2025 ஜனவரியில் கடனைக் கட்டி நகையைத் திரும்பப் பெற்றதற்கான ரசீது. அந்தத் தேதியில் ஆரம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது.

ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே மறுபடி அடகு போயிருந்தால்? தடைக்காலம் ஆரம்பித்திருந்ததே என்று சர்வேயர் கேட்டார். கேள்வி மனதை உறுத்துவதுதான், ஆனாலும் அவர் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வங்கியிடம், இந்த வாடிக்கையாளர் பேரில் நடப்பு நகைக் கடன் எதுவும் இல்லை என்று கடிதம் வாங்கினோம். ஆனால் ஊரிலுள்ள ஒவ்வொரு அடகுக் கடையிடமும் 'இங்கே இல்லை' என்று எழுதி வாங்குவது நடக்காத காரியம். அதற்குப் பதிலாக, பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு உறவினர் கல்யாணத்தில் அந்த அம்மா ஆரமும் வளையலும் போட்டிருந்த படங்களைத் தேடி எடுத்தோம். கல்யாண வீட்டார் அமர்த்திய புகைப்படக்காரர் எடுத்தவை, கல்யாண மண்டபத்தின் பெயர்ப் பலகையும் மணமக்கள் பெயரும் பின்னால் தெரிந்தன. அழைப்பிதழையும் இணைத்தோம். வங்கிக் கணக்கில் நகைக்கடை, அடகுக்கடைகளிலிருந்து பெரிய தொகை எதுவும் வரவில்லை என்பதற்கு ஆறு மாத அறிக்கையும் கொடுத்தோம்.

வளையல் ஜோடி, 24 கிராம். 2022-இல் வாங்கிய ஜி.எஸ்.டி பில் இருந்தது, அதிலேயே ஹால்மார்க்கின் ஆறெழுத்து ஹெச்.யு.ஐ.டி குறியீடும் இருந்தது. அதைப் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நகையின் வகை, தூய்மை, ஹால்மார்க் செய்த மையம் தெரியும். நகை யாருடையது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது பில்லில் உள்ள பெயர்தான். போலீசுக்கு அந்தக் குறியீட்டைக் கொடுத்ததில் ஒரு பலன் உண்டு: உருக்காமல் எங்காவது விற்க வந்தால் அடையாளம் காணலாம்.

செயின், 16 கிராம். இதன் பில் துபாய்க் கடையுடையது, மனைவியின் தம்பி பேரில் இருந்தது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் சீராகப் போட்டது. பில் வேறொருவர் பேரில் இருந்தால் நகையும் அவருடையது என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. இங்கே உதவியது மொய் நோட்டு. விழா அன்று எழுதிய பக்கத்தில் 'தாய்மாமன் செயின் 2 பவுன்' என்று ஒரு வரி, முன்னும் பின்னும் மற்றவர்களின் மொய், எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில். அந்த நோட்டை முழுதாகவே காட்டினோம், ஒரு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுக்கவில்லை. தம்பியிடமிருந்து, இது மருமகளுக்கு நான் கொடுத்த சீர் என்று கையெழுத்திட்ட கடிதமும், மாமன் செயின் போடும் விழாப் படமும் சேர்ந்தன. சர்வேயர் மதுரைக்காரர், மொய் நோட்டை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜிமிக்கிக்கும் தோட்டுக்கும் இருந்தது பழைய நகையை மாற்றி வாங்கியபோது கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் சீட்டு மட்டும். அதில் கடையின் ஜி.எஸ்.டி எண் இல்லை, ஆனால் எடை 8 கிராம் என்று இருந்தது. மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படங்களோடு சேர்த்துக் கொடுத்தோம். சர்வேயர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டார். மோதிரத்துக்கு, 4 கிராம், எதுவுமே இல்லை. அதைப் பட்டியலில் வைத்து, எதிரே 'சான்று இல்லை' என்றே எழுதினோம். பொய்யான பில் ஒன்றை வாங்கிச் சேர்க்கலாமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். ஒரு பொருளில் மோசடி தெரிந்தாலும் முழு இழப்பீட்டையும் மறுக்கப் பாலிசி நிபந்தனையிலேயே நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. 4 கிராமுக்காக 88 கிராமைப் பணயம் வைப்பதா? மோதிரம் ஏற்கப்படவில்லை. சான்று இல்லை என்று தாங்களே சொன்னவர்கள் என்பது மற்ற வரிகளைப் பார்த்த விதத்தில் உதவியது என்று நான் நம்புகிறேன்.

வீட்டுச் சாமான்களில் டிவியின் பில் தொலைந்துவிட்டது. ஆனால் தவணையில் வாங்கியது. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மாடல், வரிசை எண், விலை 32,000 எல்லாம் இருந்தன. தவணையில் வாங்கிய எந்தப் பொருளுக்கும் இந்த வழி இருக்கிறது. லேப்டாப்புக்குப் பில் இருந்தது. பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் அண்டாவுக்கும் பில் யாரிடம் இருக்கும்? அவற்றோடு ஒரே சீரில் வந்து திருடு போகாமல் மிஞ்சிய பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டப்பட்டிருந்தன. அவற்றைப் படமெடுத்து, சீர்வரிசைப் படத்தோடு இணைத்தோம்.

பட்டியலில் இருக்கக் கூடாதவை

படகிலிருந்து கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்திருந்த ஜி.பி.எஸ் கருவியும் எக்கோ சவுண்டரும் போயிருந்தன. தடைக்காலத்தில் எல்லாரும் செய்வதுதான் இது. வீட்டுக்காரருக்கு அதுவும் வீட்டிலிருந்த பொருள். பாலிசிக்கோ அது தொழில் கருவி. ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் வீட்டு உபயோகப் பொருட்களுக்குத்தான் காப்பு. படகுக்கு எடுக்கும் காப்பீட்டில், கருவி கரையில் இருக்கும் காலமும் சேருமா என்று தனியே கேட்டு வைத்துக்கொண்டால்தான் அதற்குப் பாதுகாப்பு. போலீஸ் பட்டியலில் அவற்றை வரிசை எண்ணோடு சேர்க்கச் சொன்னேன், இழப்பீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன். ரொக்கம் 40,000-உம் அப்படியே, இந்தப் பாலிசியில் பணத்துக்குக் காப்பு இல்லை.

தொகை எப்படிக் குறைந்தது

ஏற்கப்பட்ட நகை 88 கிராம். பாலிசிப்படி செய்கூலி, சேதாரம் கிடையாது, தங்கத்தின் மதிப்பு மட்டும். கணக்கு எளிதாக இருக்கக் கிராமுக்கு 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், அந்த மாதம் 22 காரட் விலை அதை ஒட்டித்தான் இருந்தது. ஆக 7,92,000 ரூபாய். நகைக் காப்பு 6,60,000 என்பதால் அந்தத் தொகை முழுதும் வரும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. வந்தது அது இல்லை.

2023-இல் பாலிசி எடுத்தபோது குடும்பத்தின் மொத்த நகை 15 பவுன், 120 கிராம். அன்று கிராமுக்கு 5,500 என்று போட்டு 6,60,000-க்கு எடுத்தார்கள். அன்றைக்கு அது சரியான தொகைதான். பிறகு இரண்டு முறையும் அதே தொகைக்குப் புதுப்பித்தார்கள். தங்கம் ஏறியது, காப்புத் தொகை ஏறவில்லை. 2025 மே மாதத்தில் அதே 120 கிராமின் மதிப்பு 10,80,000. மொத்த மதிப்பில் நூற்றுக்கு 61 பங்குக்கு மட்டுமே காப்பு இருக்கிறது என்றால், இழப்பிலும் அந்தப் பங்கை மட்டுமே தருவோம், மீதியை நீங்கள் சுமக்க வேண்டும் என்பது ஆவரேஜ் விதி. பயணத்தில் கழுத்தில் கிடந்த தாலிக்கொடி உட்பட மூன்றரைப் பவுன் திருடு போகவில்லை என்றாலும், மொத்த மதிப்பைக் கணக்கிடும்போது அதுவும் சேரும். 7,92,000-ஐ 6,60,000-ஆல் பெருக்கி 10,80,000-ஆல் வகுத்தால் 4,84,000. சான்று முழுதாக இருந்தும் 3,08,000 ரூபாய் இந்த ஒரு விதியில் போயிற்று.

வீட்டுக்காரர் கொதித்துப் போனார். "எல்லாத்தையும் நிரூபிச்சோம், அப்புறமும் ஏன் குறைக்கிறாங்க?" காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று கேட்டார். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களைச் சென்னை அலுவலகம் கட்டணமில்லாமல் விசாரிக்கும். ஆனால் பாலிசியில் தெளிவாக எழுதப்பட்ட விதியை அங்கே மாற்ற முடியாது, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றேன். வேறொன்றைக் கேட்டோம். டிவிக்கும் லேப்டாப்புக்கும் சர்வேயர் தேய்மானத்தை மிக அதிகமாகப் போட்டிருந்தார். உப்புக் காற்றில் மின் சாதனம் சீக்கிரம் கெடும் என்பது அவர் சொன்ன காரணம். லேப்டாப் வேலை செய்த நிலையில்தான் இருந்தது என்பதற்கு, அது பழுதுபார்க்கப்பட்ட கடையின் ரசீதைக் காட்டியதும் அதற்குப் பாதி விலையாக 24,000 ஏற்றார். டிவிக்கு 12,800, பாத்திரங்களுக்கு 18,200. சாமான்கள் 55,000, நகையோடு சேர்த்து 5,39,000.

இன்னொரு இழுபறி போலீசின் இறுதி அறிக்கை. துப்பு துலங்கவில்லை என்ற அறிக்கை வந்தால்தான் பணம் என்று நிறுவனத்தில் முதலில் சொன்னார்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது அந்த அறிக்கையைக் காவல் நிலையத்தால் தர முடியாது, அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அறிக்கை வந்ததும் தருகிறோம் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி கொடுத்து, அதன் பேரில் தொகையை விடுவிக்கக் கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள்.

பணம் வருவதற்கு முன் கையெழுத்துக் கேட்ட உரிமை மாற்றக் கடிதத்தில், நகை பின்னால் கிடைத்தால் அது முழுதும் நிறுவனத்துக்கே என்று அச்சாகியிருந்தது. தங்கள் பங்கு 61 என்று சொல்லித் தொகையைக் குறைத்தவர்கள், கிடைக்கும் நகையில் நூறையும் கேட்பது சரியில்லை என்று எழுத்தில் ஆட்சேபித்தோம். நகை மீட்கப்பட்டால் அது குறித்துப் பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு குடும்பம் நகையை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விற்ற தொகையை அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று திருத்திய கடிதம் வந்தது. கல்யாண ஆரம் என்பதால் அந்த அம்மாவுக்கு அந்த வரிதான் முக்கியம். அதை இருமுறை படித்துக் காட்டச் சொன்னார். பிறகு இருவரும் கையெழுத்திட்டார்கள்.